58-லிருந்து 34 போனால் மிச்சம் 24: ஓய்வுக்காலத்துக்கு மாதம் எவ்வளவு ஒதுக்குவது?

என் மனைவியின் தம்பி கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். வயது 34. போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, "மாமா, ரிட்டையர்மெண்ட்டுக்கு மாசம் எவ்வளவு போடணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றான். ஒருவர் ஐயாயிரம் போதும் என்றாராம். இன்னொருவர் ஐந்து கோடி இல்லாமல் முடியாது என்று பயமுறுத்தியிருக்கிறார். இரண்டு பேருமே அவனிடம் மாதச் செலவு எவ்வளவு என்று கேட்கவில்லை. அதைக் கேட்காமல் இந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு பழைய டைரியில் இரண்டு பேரும் போட்ட கணக்குதான் இது. உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் வைத்துக்கொண்டே வாருங்கள்.

முதலில் இரண்டு வருட எண்கள்

வேலையை விடும் வயதிலிருந்து இன்றைய வயதைக் கழிக்க வேண்டும். 58-லிருந்து 34 போனால் 24. இது பணம் சேர்க்கக் கிடைக்கும் வருடங்கள். எல்லோரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். சேர்த்ததை வைத்துச் சாப்பிட வேண்டிய வருடங்கள் என்று இன்னொரு எண் இருக்கிறது.

"எண்பது வரைக்கும் இருந்தா பெரிசு மாமா" என்றான். சரி, அவனுக்கு எண்பது. ஆனால் அவன் மனைவி அவனைவிட ஐந்து வயது இளையவள். அவள் எண்பதைத் தொடும்போது இவன் 85-ஐத் தொட்டிருக்க வேண்டும், இருந்தாலும் இல்லாவிட்டாலும். வீட்டில் யார் இளையவரோ அவர் வயதை வைத்துத்தான் கடைசி வருடத்தைக் குறிக்க வேண்டும். எனவே 58 முதல் 85 வரை, 27 வருடம்.

24 வருடம் சேர்த்து 27 வருடம் சாப்பிட வேண்டும் என்று எழுதியதும் கொஞ்ச நேரம் டைரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்றைய செலவில் எது நிற்கும், எது போகும்

அவன் வீட்டுக்கு மாதம் 46,000 ரூபாய் செலவாகிறது. இதை அப்படியே ஓய்வுக்காலச் செலவாக எடுத்துக்கொண்டால் தவறு. வீட்டுக் கடன் தவணை 12,000. அது அவனுடைய ஐம்பதாவது வயதில் முடிந்துவிடும். பையனின் பள்ளிக் கட்டணமும் வேனும் சேர்த்து மாதக் கணக்கில் 6,000, அதுவும் முடிந்துவிடும். வேலைக்குப் போய்வரும் பெட்ரோல் 2,000. இந்த 20,000 போக மிச்சம் 26,000. மளிகை, பால், காய்கறி, கேஸ், கரண்ட் பில், போன், பண்டிகை, கல்யாண மொய் எல்லாம் இதற்குள் வருகின்றன.

போகிற செலவு இருப்பதுபோல் புதிதாக வருகிற செலவும் உண்டு. இப்போது மருத்துவக் காப்பீட்டைக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. வேலையை விட்ட மறுநாள் அந்த பிரீமியம் தன் தலையில் விழும். மாத்திரைச் செலவும் அந்த வயதில் இருக்கும். முப்பது வருடம் ஆன வீட்டுக்கு ஒயரிங், தண்ணீர்த் தொட்டி, தளத்தில் ஒழுகல் என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். இவற்றுக்கு 4,000 சேர்த்தோம். ஆக, இன்றைய விலையில் மாதம் 30,000.

பையனின் கல்லூரிப் படிப்பையும் கல்யாணத்தையும் இதில் கலக்க வேண்டாம். அவற்றுக்குத் தனி நோட்டு. ஒரே உண்டியலில் போட்டால் எது முன்னால் வருகிறதோ அது எடுத்துக்கொள்ளும். ஓய்வுக்காலம்தான் எப்போதும் கடைசியில் வருகிறது.

விலைவாசி: 72-ஐ வகுத்துப் பாருங்கள்

72-ஐ விலைவாசி ஏறும் சதவீதத்தால் வகுத்தால், விலை இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்று ஏறக்குறையத் தெரியும். நான் 6 சதவீதம் வைத்துக்கொள்கிறேன். ரிசர்வ் வங்கியின் இலக்கு 4 சதவீதம். அதற்கு மேலே 6 வரை போகலாம் என்பது வரம்பு. அந்த மேல்வரம்பையே எடுத்துக்கொள்வது நமக்குப் பாதுகாப்பு.

72-ஐ 6-ஆல் வகுத்தால் 12. அவனுக்கு இருப்பது 24 வருடம், அதாவது இரண்டு முறை இரட்டிப்பு. 30,000 முதலில் 60,000 ஆகும், பிறகு 1,20,000 ஆகும். 58 வயதில் இன்றைய முப்பதாயிரத்தின் வாழ்க்கையை வாழ மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் வேண்டும். உங்கள் வருட எண் இப்படிச் சரியாக வகுபடாவிட்டால் எக்செல்லில் இதைப் போடுங்கள்:

```
=30000*(1+6%)^24
```

விடை 1,21,468 என்று வரும். பேப்பரில் போட்ட கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை விட்டுவிடலாம்.

மொத்தத் தொகை

58 வயதுக்குப் பிறகு கையில் இருக்கும் பணத்துக்கு வட்டி வரும். அதே சமயம் செலவும் வருடா வருடம் ஏறும். வரி போக வருகிற வட்டியும் விலைவாசியும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு வெறும் பெருக்கல்தான். மாதம் 1,20,000 என்றால் வருடத்துக்கு 14.4 லட்சம். அதை 27 வருடத்தால் பெருக்கினால் 3 கோடியே 89 லட்சம்.

இது கொஞ்சம் கறாரான அனுமானம் என்பது எனக்குத் தெரியும். வட்டி விலைவாசியைவிட ஒரே ஒரு சதவீதம் கூடுதலாகக் கிடைத்தாலே 27-ஆல் பெருக்குவதற்குப் பதில் 24-ஆல் பெருக்கினால் போதும். சுமார் 43 லட்சம் குறையும். இன்று மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம் கிடைக்கிறது. ஆனால் அதில் ஒருவர் 30 லட்சத்துக்கு மேல் போட முடியாது, வட்டிக்கு வரியும் உண்டு. 24 வருடம் கழித்து வட்டி விகிதம் என்னவாக இருக்கும் என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. அந்த ஒரு சதவீதம் வந்தால் லாபம் என்று விட்டுவிடுவதே நல்லது.

ஏற்கெனவே சேர்ந்துகொண்டிருப்பதைக் கழியுங்கள்

ஐந்து கோடி என்று பயமுறுத்துகிறவர்கள் தாண்டிப் போகும் இடம் இது. சம்பளக்காரர்களுக்கு ஒரு சேமிப்பு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்ணான யு.ஏ.என்.னை வைத்துப் பி.எஃப். பாஸ்புக்கைத் திறக்கச் சொன்னேன். அதில் மாதா மாதம் மூன்று தொகைகள் விழும். அவனுக்கு அடிப்படைச் சம்பளம் 25,000. அதில் 12 சதவீதம், 3,000 ரூபாய், அவன் பங்கு. கம்பெனியும் அதே 3,000 போடுகிறது, ஆனால் பாஸ்புக்கில் கம்பெனி பங்கு என்று 1,750 மட்டுமே இருந்தது. "மிச்சத்த முழுங்கிட்டாங்களா மாமா?" என்று நிமிர்ந்தான். இல்லை. 1,250 ரூபாய் பக்கத்தில் ஓய்வூதியம் என்ற பத்தியில் இருந்தது. 15,000 ரூபாய் வரையிலான சம்பளத்துக்கு 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போய்விடும். அதுதான் இந்த 1,250. ஆக அவன் பி.எஃப். கணக்கில் உண்மையில் சேருவது மாதம் 4,750. உங்கள் கம்பெனி முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் போடுகிறதா, 15,000 ரூபாயோடு நிறுத்திக்கொள்கிறதா என்பதையும் இந்தப் பக்கத்திலேயே பார்த்துவிடலாம். அவன் பங்கில் 1,800 என்று இருந்திருந்தால் 15,000 ரூபாயோடு நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதுவரை அவன் கணக்கில் இருப்பது 4 லட்சம். சம்பளம் வருடம் 6 சதவீதம் ஏறும், பி.எஃப். வட்டி 8 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தோம் (2024-25க்கு அறிவித்தது 8.25). 58 வயதில் மொத்தம் சுமார் 98 லட்சம் வருகிறது. அதில் இனி போடப்போகும் பணத்தால் வருவது 73 லட்சம் போல. இப்போதுள்ள 4 லட்சம் மட்டும் தனியாக 25 லட்சமாக வளர்ந்து நிற்கிறது.

இந்த 25 லட்சத்தை அவனிடம் இரண்டு முறை சொன்னேன். காரணம், போன வருடம் வேறு கம்பெனிக்கு மாறும் யோசனை வந்தபோது, பி.எஃப்.பை எடுத்து கார் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தான். வேலை மாறினால் பழைய கணக்கை எடுக்காமல், அதே யு.ஏ.என். மூலம் ஆன்லைனில் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எடுத்தால் போவது 4 லட்சம் அல்ல, அது 24 வருடத்தில் ஆகியிருக்கும் 25 லட்சம்.

ஓய்வூதியப் பக்கத்தையும் பார்த்தோம். 24 வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய்க்குள் இருந்ததால் அவன் அந்தத் திட்டத்தில் இருக்கிறான். 2014 செப்டம்பருக்குப் பிறகு அதைவிட அதிகச் சம்பளத்தில் முதன்முதலாகச் சேர்ந்தவர்களுக்கு இது கிடையாது. கணக்கு இப்படி: 15,000-ஐச் சேவை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 58 வரை 34 வருடச் சேவை. இருபது வருடத்துக்கு மேல் இருந்தால் இரண்டு வருடம் கூட்டித் தருவார்கள். 36 வருடத்துக்கு மாதம் சுமார் 7,700 ரூபாய் வருகிறது.

"பரவால்லயே" என்றான். விலை நான்கு மடங்கு ஆகியிருக்கும் என்பதை மறந்துவிட்டான். அந்த 7,700 இன்றைய மதிப்பில் 1,925 ரூபாய். அதன் பிறகும் விலைவாசிக்கேற்ப ஏறாது. இதை நான் கணக்கில் கழிப்பதில்லை. வரட்டும், மருந்துக் கடைக்கு ஆகும்.

ஆக, 3.89 கோடியிலிருந்து 98 லட்சம் போனால் சுமார் 2.9 கோடி. அவன் தனியாகச் சேர்க்க வேண்டியது இதுதான். கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர் போன்றவர்களுக்கு பி.எஃப். இருக்காது, அவர்கள் இந்தக் கழித்தலைச் செய்யாமல் முழுத் தொகையோடு அடுத்த படிக்குப் போக வேண்டும்.

மாதத் தொகை

யார் வேண்டுமானாலும் போடக்கூடிய அரசு சேமிப்புத் திட்டமான பி.பி.எஃப்.பில் இப்போது 7.1 சதவீதம் கிடைக்கிறது, வருடத்துக்கு ஒன்றரை லட்சம்தான் போட முடியும். இவ்வளவு நீண்ட காலத்துக்கு அது மட்டும் போதாது என்பது என் எண்ணம். பெரும்பகுதி பங்குச் சந்தை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில், மாதா மாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் எஸ்.ஐ.பி.யாகவும், மீதி பி.பி.எஃப்.பிலும் போவதாக வைத்து, மொத்தத்தில் 10 சதவீதம் வளரும் என்று எடுத்துக்கொண்டேன். இதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

```
=PMT(10%/12, 24*12, 0, -29000000)
```

விடை 24,376. மாதம் இருபத்து நாலாயிரத்துச் சொச்சம், 24 வருடம் மாறாமல். அவனுக்குக் கையில் வரும் சம்பளம் 58,000, செலவு 46,000. மிஞ்சுவது 12,000. முகம் வாடிவிட்டது.

ஆனால் 34 வயதில் போடும் அதே தொகையை 57 வயதிலும் போடுவான் என்று நினைப்பதே தப்பு. சம்பளம் ஏறும்போது சேமிப்பும் ஏற வேண்டும். சம்பளத்துக்கு வைத்த அதே 6 சதவீதத்தை இதற்கும் வைத்து, ஒரு சிறிய அட்டவணை போட்டோம். A பத்தியில் 34 முதல் 57 வரை வயது, மொத்தம் 24 வரிசை. கடைசி வரிசையில் 58 என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. 58-வது பிறந்தநாளில் வேலை முடிந்துவிட்டது, அந்த வருடச் சேமிப்பு கிடையாது. B பத்தியில் மாதத் தொகை, C பத்தியில் வருடக் கடைசி இருப்பு.

```
B1: 15000
C1: =FV(10%/12,12,-B1,0)
B2: =B1*1.06
C2: =FV(10%/12,12,-B2,-C1)
```

B2, C2 இரண்டையும் பிடித்து 24-வது வரிசை வரை இழுத்துவிட்டால் போதும். C24-இல் சுமார் 2.89 கோடி நிற்கும். B1-இல் உள்ள எண்ணை ஏற்றி இறக்கி உங்கள் இலக்கு வரும்வரை பார்க்கலாம். ஆக, 15,000-இல் ஆரம்பித்து வருடம் 6 சதவீதம் ஏற்றினால் அவன் கணக்கு முடிகிறது.

இன்னும் 3,000 இடித்தது.

இடித்தால் எதை மாற்றுவது

ஃபண்ட் விற்கிறவர்கள் இந்த இடத்தில் 10-ஐ 12 ஆக்குவார்கள். உடனே 15,000 குறைந்து 11,300 ஆகிவிடும். அட்டவணை சிரிக்கும், பணம் ஒன்றும் கூடாது. மாறாக 8 சதவீதம்தான் கிடைத்தது என்றால் 19,600-இல் ஆரம்பித்திருக்க வேண்டும். வளர்ச்சி விகிதம் நம் கையில் இல்லாத எண். அதைத் திருத்தி ஆறுதல் தேடாதீர்கள்.

நம் கையில் இருப்பது வருட எண். "உன் கம்பெனியில் ரிட்டையர்மெண்ட் எப்போ?" என்று கேட்டேன். அறுபதாம். அப்படியானால் 58 எங்கிருந்து வந்தது? அது பி.எஃப். ஓய்வூதியம் தொடங்கும் வயது. அந்த எண்ணைக் கேட்டுக் கேட்டு, அதுதான் வேலையை விடும் வயது என்று பலருக்கு மனதில் பதிந்துவிடுகிறது.

60 என்று வைத்துத் திரும்பப் போட்டோம். சேர்க்கும் வருடம் 26, சாப்பிடும் வருடம் 25. மாதச் செலவு அப்போது 1,36,500 ஆகியிருக்கும். மொத்தத் தேவை 4.09 கோடிக்கு ஏறிவிட்டது. ஆனால் பி.எஃப்.பும் 1.2 கோடி வரை வளர்ந்துவிட்டது. கழித்தால் அதே 2.89 கோடி. அதைச் சேர்க்க இரண்டு வருடம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது, அதுவும் வட்டி மேல் வட்டி குட்டி போடும் கடைசி இரண்டு வருடம். ஆரம்பத் தொகை 15,000-லிருந்து 11,700-க்கு வந்துவிட்டது. மிஞ்சும் 12,000-க்குள் அடங்கிவிட்டது, மயிரிழையில்தான்.

வருடத்தைப் பின்பக்கம் கூட்டினால் இவ்வளவு குறைகிறது என்றால் முன்பக்கம் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்தோம். 58 வயதுக்கான அதே 2.9 கோடியை 39 வயதில் ஆரம்பித்துச் சேர்ப்பதாக இருந்தால், மாறாத மாதத் தொகை 24,400-லிருந்து 42,900 ஆகிறது. ஐந்து வருடத் தாமதத்துக்கு இதுதான் விலை.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்

ஏப்ரலில் சம்பள உயர்வு வந்ததும் அட்டவணையைத் திறந்து, C பத்தியில் அந்த வயதுக்கு எதிரே உள்ள எண்ணையும் கையில் உண்மையாக இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 11,700-இல் ஆரம்பித்தவனுக்கு ஆறு வருடம் முடிந்து 40 வயதாகும்போது சுமார் 13 லட்சம் இருக்க வேண்டும். 44-இல் 30 லட்சம்.

இந்த 30 லட்சம் பலரைக் கவிழ்க்கும் இடம். பத்து வருடம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் போட்டும் இலக்கில் பத்தில் ஒரு பங்குதானே வந்திருக்கிறது என்று சலித்து, எடுத்து மனை வாங்கப் போய்விடுவார்கள். கூட்டு வட்டிக் கணக்கில் முதல் பத்து வருடம் அப்படித்தான் இருக்கும். மீதி இரண்டரைக் கோடிக்கு மேல் பிந்தைய பதினாறு வருடத்தில் வருகிறது.

சந்தை விழுந்த வருடத்தில் இருப்பு அட்டவணைக்குக் கீழே போகும். ஒரு வருடம், இரண்டு வருடம் அப்படி இருந்தால் மாதத் தொகையைத் தொடாமல் போட்டுக்கொண்டே இருக்கலாம். மூன்றாவது ஏப்ரலிலும் கால்பங்குக்கு மேல் பின்தங்கியிருந்தால், மிஞ்சியிருக்கும் வருடங்களையும் கையில் உள்ள இருப்பையும் வைத்து முதலிலிருந்து கணக்குப் போட்டு, மாதத் தொகையை ஏற்றியாக வேண்டும். கடைசி ஐந்தாறு வருடத்தில் இன்னொரு வேலையும் உண்டு: சந்தையில் உள்ள பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வங்கி வைப்புக்கும் கடன் பத்திரங்களுக்கும் நகர்த்த வேண்டும். 59 வயதில் சந்தை கவிழ்ந்தால் மீள்வதற்குக் காத்திருக்க வருடம் இருக்காது.

மச்சினனுக்குச் சம்பளம் மாதம் முதல் தேதி வருகிறது. எஸ்.ஐ.பி.யை ஐந்தாம் தேதிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். இருபதாம் தேதிக்கு வைத்தால் கணக்கில் பணம் இருக்காது. வங்கி திருப்பி அனுப்பி, அதற்கும் ஒரு கட்டணம் பிடிக்கும். பிப்ரவரி ஐந்தாம் தேதி முதல் 11,700 போனது. ஏப்ரலில் 6.2 சதவீத உயர்வு வந்ததாம். "மாமா, 12,400 ஆக்கிட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. பி.எஃப்.பில் நாமினியாக மனைவி பெயரைச் சேர்த்தாயா என்று கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.